ஜெர்ஸி எண்ணைப் பிறந்த தேதிப்படி கொடுங்கள்

காரைக்குடியில் 14 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணிக்கு 24 பையன்கள் தேர்வுக்கு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வயது ஜனவரி 1-ஐக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அப்படியானால் ஜனவரி 5-ல் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பர் 20-ல் பிறந்தவனும் ஒரே பிரிவுதான். நடுவில் பதினொன்றரை மாதம். அந்த வயதில் ஒரே வருடத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் வளரும் பிள்ளைகள் உண்டு. மூத்தவன் தோள் கொடுத்துப் பந்தை மறிக்கிறான். நாம் அதைத் திறமை என்று குறித்துக்கொள்கிறோம். தேர்வானவனுக்குப் பயிற்சியும் ஆட்டமும் கூடுதலாகக் கிடைப்பதால், அடுத்த ஆண்டு அவன் உண்மையிலேயே மேலானவன் ஆகிவிடுகிறான். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் இந்தச் சாய்வை ரோஜர் பார்ன்ஸ்லி குழுவினர் 1985-லேயே காட்டினார்கள்.

பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் வைத்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 2017-ல் நெதர்லாந்தில் டேவிட் மானும் அவருடைய சக ஆய்வாளரும் இதைச் சோதித்தார்கள். வீரர்களைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் தேதிகளை மட்டும் தந்தபோது சாய்வு அப்படியே இருந்தது. வயது வரிசைப்படி எண்ணிட்ட சட்டையோடு பையன்களைப் பார்த்தபோதுதான் மறைந்தது. ஆட்டம் ஓடும்போது தாளைப் புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

ஆகவே முதல் நாளே பிறப்புச் சான்றிதழைப் பார்த்து 24 பேரையும் வரிசைப்படுத்துங்கள். மூத்தவனுக்கு 1, இளையவனுக்கு 24. முதுகில் மட்டுமின்றி நெஞ்சிலும் எண் வேண்டும். இல்லாவிட்டால் எதிரே ஓடிவருபவனின் வயது தெரியாது. எண்ணின் பொருளை எல்லாத் தேர்வாளர்களிடமும் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் அது வெறும் எண்தான். 3-ம் எண்ணும் 22-ம் எண்ணும் ஒரே அளவு ஆடினால், 22-ஐத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

முடிந்ததும் கணக்கைச் சரிபாருங்கள். வந்தவர்களில் ஜனவரி–மார்ச் 9, ஏப்ரல்–ஜூன் 7, ஜூலை–செப்டம்பர் 5, அக்டோபர்–டிசம்பர் 3 என்றும், எடுத்த 12 பேரில் அதே வரிசையில் 7, 3, 2, 0 என்றும் இருக்கட்டும். வந்த விகிதப்படி எடுத்திருந்தால் முதல் காலாண்டில் நாலைந்து பேர்தான் வந்திருப்பார்கள். ஒரு வருடக் கணக்கு தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று வருடப் பட்டியலைச் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, வந்தவர்களிலேயே கடைசிக் காலாண்டில் மூன்றே பேர். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போய் முன்பே நின்றிருக்கக்கூடும். அதைத் தேர்வு நாளில் திருத்த முடியாது. பத்து வயது ஆட்டங்களிலேயே எல்லோருக்கும் சம நிமிடங்கள் கொடுத்தால்தான் உண்டு.

ஜெர்ஸி எண் உடல் முதிர்ச்சியைச் சொல்லாது. டிசம்பரில் பிறந்து சீக்கிரமே வளர்ந்தவனும் இருப்பான், ஜனவரியில் பிறந்து இன்னும் குரல் உடையாதவனும் இருப்பான். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து, அதே பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.