ஒன்பது அணிகள், ஆளுக்கு ஐந்து போட்டி: அட்டவணை ஏன் முடியவில்லை?

அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர்களுடைய விளையாட்டுக் கழகம் மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி ஒன்று நடத்துகிறது. அணிகள் ஒன்பது. எல்லோரும் எல்லோருடனும் மோதுவதற்கு நாள் போதாது. அதனால் முதற்சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் சரியாக ஐந்து போட்டி, ஒரே அணியுடன் இரண்டு தரம் மோதக் கூடாது என்று தீர்மானித்திருக்கிறார்கள். இரவிரவாக இருந்து அட்டவணை போட்டும், கடைசியில் ஏதாவது ஒரு அணிக்கு நான்கு போட்டிதான் கிடைக்கிறதாம். அணிகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தாலும் அதே கதைதான். "எங்கே பிழை விடுகிறோம்?" என்று கேட்கிறார்.

பிழை எங்கும் இல்லை. அப்படி ஓர் அட்டவணையே கிடையாது. இன்னும் ஆயிரம் தாள் கிழித்தாலும் வராது. ஏன் வராது என்பதற்கு வரைபுக் கோட்பாட்டில் ஒரு சின்ன விதி இருக்கிறது. கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் அதுவும் ஒன்று.

புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படத்தை வரைபு என்கிறோம். புள்ளி உச்சி, கோடு விளிம்பு. ஓர் உச்சியில் எத்தனை விளிம்புகள் வந்து முட்டுகின்றனவோ அதுதான் அந்த உச்சியின் படி. விதி இவ்வளவுதான்: எல்லா உச்சிகளின் படிகளையும் கூட்டினால், விளிம்புகளின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு வரும்.

நமக்குத் தெரிந்த வீதிகளை வைத்தே பார்ப்போம். சின்ன வீதிகளை விட்டுவிட்டுப் பிரதான வீதிகளை மட்டும் எடுக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஒரு கோடு. கல்முனையிலிருந்து காரைதீவுக்கு ஒன்று. காரைதீவுச் சந்தியில் பாதை பிரிகிறது: ஒன்று சம்மாந்துறைக்கு, மற்றது கரையோரமாக அக்கரைப்பற்றுக்கு. சம்மாந்துறையிலிருந்து அம்பாறைக்கு ஒன்று, அம்பாறையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஒன்று, அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்கு ஒன்று. மொத்தம் ஏழு கோடுகள்.

இப்போது ஒவ்வோர் ஊராகப் போய், அங்கே எத்தனை கோடுகள் முட்டுகின்றன என்று எண்ணுவோம். மட்டக்களப்பு 1, கல்முனை 2, காரைதீவு 3, சம்மாந்துறை 2, அம்பாறை 2, அக்கரைப்பற்று 3, பொத்துவில் 1. கூட்டினால் 14. ஏழின் இரு மடங்கு.

ஒரு படத்துக்குச் சரிவந்தால் எல்லாப் படத்துக்கும் சரிவருமா? வரும். காரணம் தெரிய வேண்டுமானால் கோடுகளை மறந்துவிட்டு, கோடுகளின் நுனிகளைப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டையும் நடுவில் வெட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். காரைதீவில் இப்போது மூன்று அரைக்கோடுகள் நிற்கின்றன, பொத்துவிலில் ஒன்று நிற்கிறது. ஓர் ஊரின் படி என்று நாம் எண்ணியது உண்மையில் அந்த ஊரில் நிற்கும் அரைக்கோடுகளைத்தான். ஆகவே எல்லாப் படிகளையும் கூட்டுவது, படத்திலுள்ள எல்லா அரைக்கோடுகளையும் ஊர்வாரியாக எண்ணுவதேதான்.

அதே அரைக்கோடுகளை வேறு வழியிலும் எண்ணலாம். ஊர்களைப் பார்க்காமல் வீதிவாரியாகப் போங்கள். மட்டக்களப்பு–கல்முனை வீதி வெட்டுப்பட்டு இரண்டு அரைக்கோடுகள் தந்தது. கல்முனை–காரைதீவு வீதி இரண்டு தந்தது. எந்த வீதியும் ஒன்று தராது, மூன்றும் தராது. ஏழு வீதிகள், பதினான்கு அரைக்கோடுகள். எண்ணியது ஒரே குவியலை, எண்ணிய ஒழுங்கு மட்டுமே வேறு. ஒரே குவியலுக்கு இரண்டு விடை வர முடியாது. நிறுவல் இத்துடன் முடிந்துவிட்டது. வீதி வளைந்து போகிறதா, நேராகப் போகிறதா, ஒன்றையொன்று குறுக்கறுக்கிறதா, படம் இரண்டு துண்டாகக் கிடக்கிறதா என்ற எதுவும் இதில் வரவே இல்லை. கோட்டுக்கு இரண்டு நுனி என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் நாம் பயன்படுத்தவில்லை.

ஓர் ஊரில் புறப்பட்டுச் சுற்றிவந்து அதே ஊரில் முடியும் வீதி இருந்தால்? அதற்கும் இரண்டு நுனிதான், இரண்டும் ஒரே ஊரில் நிற்கின்றன. அதனால் அத்தகைய கண்ணியை அந்த ஊரின் படியில் இரண்டாக எண்ணுகிறோம். ஒன்றாக எண்ணினால் விதி உடைந்துபோகும்.

இதையே இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். எனக்கு இந்தப் பக்கம்தான் கூடுதலாகப் பிடிக்கும். வெறும் ஊர்களை மட்டும் தாளில் புள்ளியாக வையுங்கள். எல்லாப் படியும் பூச்சியம். இப்போது வீதிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊர்களின் படி ஒவ்வொன்று கூடும், கூட்டுத்தொகை இரண்டு கூடும். அதோடு ஒற்றைப் படியுள்ள ஊர்கள் எத்தனை என்றும் கவனியுங்கள். ஒற்றைப் படியுள்ள இரண்டு ஊர்களை இணைத்தால் இரண்டுமே இரட்டையாகிவிடும், ஒற்றையூர்கள் இரண்டு குறையும். இரட்டைப் படியுள்ள இரண்டை இணைத்தால் இரண்டும் ஒற்றையாகும், இரண்டு கூடும். ஒற்றையையும் இரட்டையையும் இணைத்தால் அவை ஒன்றுக்கொன்று இடம் மாறும், எண்ணிக்கை அப்படியே இருக்கும். பூச்சியத்தில் தொடங்கி, இரண்டு கூடியோ, இரண்டு குறைந்தோ, மாறாமலோ போகிற எண்ணிக்கை ஒருநாளும் ஒற்றை எண்ணில் வந்து நிற்காது. நமது வீதிப் படத்தில் மட்டக்களப்பு, காரைதீவு, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நான்கு ஒற்றையூர்கள். ஒரு புதுப் பாதையைச் சேர்த்து இதை மூன்றாக்கவோ ஐந்தாக்கவோ யாராலும் முடியாது.

இப்போது சுற்றுப்போட்டிக்கு வருவோம். அணி உச்சி, போட்டி விளிம்பு. ஒன்பது அணிகளுக்கும் படி ஐந்து என்றால் கூட்டுத்தொகை 45. போட்டிகளின் எண்ணிக்கை அதில் பாதி, அதாவது இருபத்திரண்டரை. அரைப் போட்டி என்று ஒன்று இல்லை. இருபத்திரண்டு போட்டி போட்டதும் 44 இடங்கள் நிரம்பும், ஓர் இடம் மீதி நிற்கும். வாசகர் கண்ட அந்த நான்கு போட்டி அணி இதுதான். அது எந்த அணி என்பதை மாற்றலாம், இல்லாமல் செய்ய முடியாது.

வழி இருக்கிறது. ஆளுக்கு நான்கு போட்டி என்றால் 36 இடம், 18 போட்டி. ஒன்பது அணிகளையும் வட்டமாக எழுதி, ஒவ்வோர் அணியையும் இடப்பக்கம் அடுத்துள்ள இரண்டுடனும் வலப்பக்கம் அடுத்துள்ள இரண்டுடனும் மோதவிட்டால் போதும். ஐந்துதான் வேண்டுமென்றால், இதன் மேல் ஒன்றை ஐந்துடனும் இரண்டை ஆறுடனும் மூன்றை ஏழுடனும் நான்கை எட்டுடனும் விடலாம். ஒன்பதாவது அணிக்கு மட்டும் நான்கு இருக்கும். அல்லது பத்தாவது அணி ஒன்றைச் சேர்த்து வட்டமாக்கி, இருபக்கமும் இரண்டிரண்டு, நேர் எதிரே உள்ளதோடு ஒன்று என்று வைத்தால் எல்லோருக்கும் ஐந்து, மொத்தம் 25 போட்டி.

பத்தாவது அணியைச் சேர்க்கக் கழகத்தில் சிலர் விரும்பவில்லை என்றும், ஒன்பது ராசியான எண் என்று சொல்கிறார்கள் என்றும் வாசகர் எழுதியிருந்தார். இதில் என் அபிப்பிராயத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். எண் சாத்திரம் ஒன்பதைப் பற்றிச் சொல்வது எதையும் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. ஒன்பதை ஐந்தால் பெருக்கினால் ஒற்றை எண் வரும் என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சோதிக்கலாம், அதிலிருந்து ஓர் அட்டவணை நடக்குமா நடக்காதா என்றும் முன்கூட்டியே சொல்லலாம். எண்ணின் பெயரில் ஒரு முடிவெடுப்பதானால் இந்தக் கணக்கை வைத்து எடுங்கள்.

இந்த விதியை முதலில் எழுதியவர் லெயோனார்ட் ஒயிலர். மட்டக்களப்பு வாவியில் புளியந்தீவு இருப்பதைப் போல, ஆற்று நடுவே தீவு கொண்ட கோனிக்ஸ்பேர்க் நகரில் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடந்து நகரைச் சுற்ற முடியுமா என்பது கேள்வி. 1735இல் சென் பீட்டர்ஸ்பேர்க் அறிவியற் கழகத்தில் அவர் விடையைச் சமர்ப்பித்தார். தீவில் ஐந்து பாலங்கள் முட்டின, மற்ற மூன்று நிலப்பகுதிகளிலும் மும்மூன்று. கூட்டினால் 14. ஒவ்வொரு பாலமும் இரண்டு பக்கமும் எண்ணப்படுவதால் கூட்டுத்தொகை பாலங்களின் இரு மடங்காகும் என்றும், ஆகவே ஒற்றைப் பகுதிகள் ஒன்றாகவோ மூன்றாகவோ இருக்க முடியாது என்றும் அந்தக் கட்டுரையிலேயே அவர் சொல்லிவிட்டார். நகரைச் சுற்றும் கேள்விக்கு அது மிகவும் உதவியது. ஒற்றைப் பகுதி ஒன்றில் நடை தொடங்க வேண்டும் அல்லது முடிய வேண்டும், எனவே ஒற்றைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் நடக்காது. கோனிக்ஸ்பேர்க்கில் நான்கும் ஒற்றை.

விதியின் எல்லையையும் சொல்ல வேண்டும். வீதிகளை எண்ணி எழுதியவர் காரைதீவுக்கு 2 என்று போட்டுவிட்டால் கூட்டுத்தொகை 13 ஆகும். ஒற்றை எண் வந்ததுமே எங்கோ எண்ணுவதில் பிழை விட்டது நிச்சயம். ஆனால் இன்னோர் ஊரிலும் ஒன்று விடுபட்டால் 12 வரும், இரட்டைதானே என்று பிழை தப்பிவிடும். வீதிகள் ஏழு என்று தனியாக எண்ணி வைத்திருந்தால்தான் அது பிடிபடும்.

அதுபோலக் கூட்டுத்தொகை இரட்டை என்பதற்காக அட்டவணை கட்டாயம் அமையும் என்றும் இல்லை. நான்கு அணிகளுக்கு முறையே 3, 3, 1, 1 போட்டி வேண்டும் என்று வையுங்கள். கூட்டுத்தொகை 8, நான்கு போட்டி, கணக்கு சரி. ஆனால் முதலாவது அணிக்கு மூன்று போட்டி என்றால் அது மற்ற மூன்றுடனும் மோத வேண்டும். மோதியதும் மற்றவர்களுக்கு மிச்சம் வேண்டியது 2, 0, 0. இரண்டாவது அணிக்கு இன்னும் இரண்டு போட்டி வேண்டும், எதிரே ஆளில்லை. அதுவே 3, 2, 2, 1 என்றால், முதலாவது அணி எல்லோருடனும் மோதிய பிறகு மிச்சம் 1, 1, 0. அந்த இரண்டு ஒன்றுகளும் தங்களுக்குள் மோதிக்கொள்ளும், அப்புறம் எதுவும் மிச்சமில்லை.

பெரிய பட்டியலுக்கும் இதே வேலைதான். மிகக் கூடுதலாக வேண்டியவரை எடுத்து, அடுத்தடுத்துக் கூடுதலாக வேண்டியவர்களோடு மோதவிட்டு, ஒவ்வொருவரிலும் ஒன்றைக் கழித்துப் பட்டியலை மீண்டும் இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். எல்லாம் பூச்சியத்தில் முடிந்தால் அட்டவணை உண்டு, நடுவில் ஆள் போதாமல் நின்றால் இல்லை. 1955இல் ஹாவெலும் 1962இல் ஹக்கீமியும் தனித்தனியாகக் கண்ட முறை இது. எழுதிக்கொண்டே போனால் யார் யாருடன் மோதுகிறார்கள் என்ற அட்டவணையும் கையோடு கிடைத்துவிடும்.