மூன்றாவது அடி: தற்காப்பு எந்த நொடியில் முடிகிறது?

இரவு 2 மணி. கொல்லைக் கதவை யாரோ கடப்பாறையால் நெம்புகிற சத்தம் கேட்கிறது. வீட்டுக்காரர் எழுந்து, மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்துக்கொண்டு கதவோரம் நிற்கிறார். தாழ்ப்பாள் பெயர்கிறது. கடப்பாறையோடு ஒருவன் உள்ளே கால் வைக்கிறான். முதல் அடி அவன் தோளில் விழுகிறது. அவன் திரும்பிக் கடப்பாறையை ஓங்குகிறான். இரண்டாவது அடி தலையில். அவன் தரையில் சாய்கிறான், கடப்பாறை உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விடுகிறது. அப்புறம் மூன்றாவது அடி.

விடிந்து பார்த்தால் அவன் இறந்து கிடக்கிறான்.

இது நான் கற்பனை செய்த இரவுதான். ஆனால் இப்படி ஒரு செய்தி வந்தால் தெருவில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். வீடு புகுந்த திருடனை அடித்ததில் என்ன தப்பு என்று ஒரு கட்சி, என்ன இருந்தாலும் ஓர் உயிர் போயிருக்கிறதே என்று இன்னொரு கட்சி. சட்டம் இரண்டு பேரோடும் சேராது. அது அந்த இரவை மொத்தமாக எடுத்துத் தீர்ப்பு சொல்வதில்லை. ஒவ்வொரு அடியையும் தனியாக எடுத்து, அந்த நொடியில் ஆபத்து எவ்வளவு இருந்தது என்று கேட்கிறது.

இந்தியாவில் இதற்கான விதிகள் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு இதே விதிகள், கிட்டத்தட்ட இதே சொற்களில், இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தன. அதனால் பழைய தீர்ப்புகள் இன்றும் வழிகாட்டுகின்றன.

சரி, முதல் அடிக்கு வருவோம். எதிராளி இன்னும் வீட்டுக்காரரைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் அந்த அடி குற்றம் ஆகாது. அடி வாங்கிய பிறகுதான் திருப்பி அடிக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆபத்து வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் எழும்போதே உரிமை பிறந்துவிடுகிறது. அது மட்டுமல்ல, சூரியன் மறைந்த பிறகு விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைவதைச் சட்டம் தனியாகவே எடுத்து வைத்திருக்கிறது. சொத்தைக் காக்க உயிர்ச்சேதம் வரைகூடப் போகலாம் என்று அனுமதிக்கும் சில சூழ்நிலைகளில் அதுவும் ஒன்று. இருட்டில் வருகிறவன் கையில் என்ன இருக்கிறது, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. தூக்கத்திலிருந்து எழுந்த ஒருவரிடம் அதையெல்லாம் கணக்குப் போடச் சொல்வதில் நியாயமில்லை.

இரண்டாவது அடியில் விஷயம் இன்னும் தெளிவு. இப்போது காக்கப்படுவது வீட்டுச் சாமான் அல்ல, உயிர். ஓங்கிய கடப்பாறை தலையில் இறங்கினால் மரணம் அல்லது கொடுங்காயம் நிச்சயம் என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சம் இருக்கும்போது தாக்குபவனின் உயிர் போனாலும் காப்பவர் மீது குற்றமில்லை.

இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கம்புக்குக் கம்பு, கத்திக்குக் கத்தி என்று ஆயுதம் சமமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவ் நாராயண் வழக்கில் உயர் நீதிமன்றமே அப்படித்தான் நினைத்தது. நிலத் தகராறில் எதிர்த்தரப்பு லத்தியால் தாக்கியது, இவர் ஈட்டியால் குத்தினார், ஆகவே எல்லை மீறிவிட்டார் என்று சொன்னது. 1970களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி அவரை விடுவித்தது. தலையைக் குறிவைத்து இறங்கும் லத்தி உயிரைப் பறிக்கக்கூடியது, அவருக்குத் தலையில் அடியும் விழுந்திருந்தது என்பதைப் பார்த்தது. ஆக, எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டியது ஆபத்தையும் அதைத் தடுக்கத் தேவைப்பட்ட பலத்தையும். என்ன ஆயுதம் என்பது அந்தக் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே. உயிருக்குப் போராடுகிறவரின் ஒவ்வொரு அடியையும் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்றும் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

மூன்றாவது அடியில்தான் சிக்கல். அவன் விழுந்துவிட்டான், ஆயுதமும் கையைவிட்டுப் போய்விட்டது. அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமை நீடிக்கும். அது வடிந்த பிறகு விழும் அடி, அரை நிமிடம் கழித்து விழுந்தாலும் தனித் தாக்குதல்தான்.

ஆனால் அச்சம் வடிந்துவிட்டதா என்பதை யார் கண்ணால் பார்ப்பது? இருட்டில் நின்ற வீட்டுக்காரரின் கண்ணால்தான். விழுந்தவன் எழ முயன்றானா, அலமாரிக்கு அடியில் கையை விட்டானா, வெளியே இன்னொருவன் குரல் கேட்டதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மூன்றாவது அடிக்கும் பாதுகாப்பு நீளலாம். எதுவும் இல்லாமல், அசைவற்றுக் கிடந்தவன் மண்டையில் கோபத்தில் இறக்கிய அடி என்றால் நீளாது. பிரேதப் பரிசோதனையும் இங்கே முக்கியம். மரணத்துக்குக் காரணம் இரண்டாவது அடியே என்று மருத்துவர் சொன்னால் வழக்கின் திசையே வேறு.

எல்லை மீறினால் உடனே கொலைக்குற்றம் என்றும் ஆகிவிடாது. தற்காப்பில் இறங்கியவர் நல்லெண்ணத்தோடு, முன்கூட்டித் திட்டமிடாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கமும் இல்லாமல் வரம்பு தாண்டி உயிர் போயிருந்தால், அது கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்ற குறைந்த குற்றமாகும். நம் வீட்டுக்காரரின் வழக்கில் வக்கீல்கள் அதிகம் வாதாடப்போவது இந்த இடத்தில்தான்.

இதே அளவுகோல் திறந்தவெளியில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஜெய் தேவ் வழக்கு காட்டுகிறது. 1960களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பஞ்சாப் வழக்கு அது. வயலில் இருந்தவர்கள் மீது ஆயுதங்களோடு ஒரு கூட்டம் வந்தது. அப்போது அவர்களுக்குத் தற்காப்பு உரிமை இருந்ததை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் கூட்டம் சிதறி ஓடத் தொடங்கிய பிறகும், தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டதை ஏற்கவில்லை. அதே ஆட்கள், அதே துப்பாக்கி, சில நிமிட இடைவெளி. முதலில் சுட்டபோது ஆபத்து எதிரே நின்றது, பின்னால் சுட்டபோது அது முதுகு காட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நம் கதையில் கடிகாரத்தை மட்டும் மாற்றுவோம். பகல் 2 மணி. வாசல் கதவு திறந்திருக்கிறது. ஒருவன் நுழைந்து மேசை மேலிருந்த செல்போனை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். இது வெறும் திருட்டு. துரத்தலாம், மடக்கலாம், பிடியை உதறுகிறவனைக் கீழே தள்ளலாம். அதில் அவனுக்குக் காயம் பட்டாலும் பாதுகாப்பு உண்டு. உயிரை எடுக்கும் உரிமை மட்டும் இல்லை. அவன் கத்தியை உருவினால் கணக்கு மாறும், ஏனென்றால் அப்போது உயிருக்கே ஆபத்து வந்துவிடுகிறது.

துரத்திப் பிடித்த பிறகு நம் ஊரில் நடப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மின்கம்பத்தில் கட்டி வைத்து வருகிறவர் போகிறவரெல்லாம் அடிப்பார்கள். அதற்குத் தர்ம அடி என்று பெயர் வேறு. அந்த அடியில் தர்மம் எதுவும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். கட்டப்பட்டவனால் யாருக்கும் ஆபத்தில்லை, ஆகவே முதல் அடிக்கே தற்காப்பு என்ற பேச்சு எழாது. அவன் செத்துவிட்டால், நான் ஒரே ஒரு அறைதான் விட்டேன் என்பவரும் கூட்டத்தின் பொது நோக்கத்தில் பங்குகொண்டவராகக் கொலை வழக்கில் நிற்க நேரிடலாம்.

போலீசுக்குப் போக நேரம் இருந்தாலும் இந்த உரிமை இல்லை. நாளைக்கு உன்னை வெட்டுகிறேன் என்று வரப்புத் தகராறில் ஒருவன் மிரட்டிவிட்டுப் போனால், அன்றிரவே அவன் வீட்டுக்குப் போய் முந்திக்கொள்வது தற்காப்பு ஆகாது. எதிரே ஆள் அரிவாளோடு நிற்கும்போது, ஏன் ஓடிப்போய்ப் புகார் கொடுக்கவில்லை என்று நீதிமன்றம் கேட்பதும் இல்லை.

அளவு என்ற விஷயம் எனக்கு முழுதாகப் புரிந்தது மனிதன் பக்கத்திலேயே இல்லாத ஒரு வழக்கில்தான். 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செருபின் கிரகரி வழக்கு. பீகாரில் ஒரு பெண்ணின் வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்துபோக, அவர் பக்கத்து வீட்டுக்காரரின் கழிப்பறையைப் பயன்படுத்தத் தொடங்கினார். அந்த வீட்டுக்காரர் ஆட்சேபித்தார். பிறகு, கழிப்பறைக்குப் போகும் வழியில் உறையில்லாத கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. அந்தப் பெண் கம்பியைத் தொட்டு இறந்தார். என் இடத்தில் அத்துமீறியதைத் தடுத்தேன் என்ற வாதம் எடுபடவில்லை. அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை என்றது நீதிமன்றம். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான தண்டனை உறுதியானது.

காட்டுப்பன்றிக்கென்று வயலைச் சுற்றி மின்வேலி போடுகிறவர்கள் இந்த வழக்கை அறிந்திருக்க வேண்டும். உலக்கையை ஓங்கியவர் எதிரே நிற்பது யார் என்று பார்க்கலாம், பாதியில் நிறுத்தலாம். கம்பியால் அது முடியாது. தேங்காய் திருட வந்தவன், வழி தவறிய குழந்தை, மாட்டைத் தேடி வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் என எல்லோருக்கும் அது ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது. ஆபத்தின் அளவுக்கேற்ப பலத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாத ஒன்றைத் தற்காப்பு என்று சொல்ல இடமே இல்லை.

மூன்று அடி விழுந்த வீட்டுக்கே திரும்புவோம். உள்ளே நடந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. காயம் முன்புறமா பின்புறமா, ரத்தம் கதவருகிலா தெருவிலா, கடப்பாறை எங்கே கிடந்தது, வீட்டுக்காரர் உடம்பில் அடி இருக்கிறதா, அவர் போலீசை எப்போது அழைத்தார் என்பவற்றை வைத்துத்தான் அந்த நிமிடங்களை மறுபடி கட்டுகிறார்கள். தற்காப்பு என்று காட்ட வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது. ஆனால் அரசுத் தரப்பைப்போல ஐயத்துக்கு இடமின்றி அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். பயத்திலோ தவறான யோசனையிலோ, நான் அங்கே இல்லவே இல்லை என்று அவர் சொல்லியிருந்தாலும்கூட, சாட்சியங்களிலேயே தற்காப்பு தெரிந்தால் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று 1960களில் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.