பாதிப் படம் பயிற்சியில், மீதிப் பாதி சோதனையில்

போன மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் பாலிடெக்னிக் மாணவி, உணவங்காடியில் தேநீர் வாங்கி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "அண்ணா, 98 வந்திருச்சு!" திசு ஸ்லைடில் புற்று இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் மாடல், சோதனையில் 98 சதவீதம் சரி. எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். "ஸ்லைடை வெட்டின துண்டுகளை எப்படிப் பிரிச்சே?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் வெட்டிட்டு, கலைச்சுப் போட்டு, 80 பயிற்சிக்கு, 20 சோதனைக்கு" என்றாள். அங்கேதான் கோளாறு. இதே தவறு பல இடங்களில் நடப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பிக்சலுக்கு 0.25 மைக்ரான் அளவில் ஸ்கேன் செய்தால், 25 மில்லிமீட்டருக்கு 20 மில்லிமீட்டர் பரப்பு 1,00,000 × 80,000 பிக்சல் ஆகிவிடும். சுருக்காமல் நினைவகத்தில் ஏற்றினால் கிட்டத்தட்ட 24 ஜிபி. அதனால்தான் 512 × 512 சன்னல் ஒன்றை ஸ்லைடின்மேல் நகர்த்தி நகர்த்திச் சிறு துண்டுகளாக வெட்டுகிறோம். அவள் ஒவ்வொரு முறையும் 256 பிக்சல் நகர்த்தியிருந்தாள், அதாவது பாதிக்குப் பாதி ஓவர்லாப். ஓவர்லாப் இல்லாமல் 30,420 துண்டு வரும் இடத்தில் இப்போது 1,20,979. வெறும் கண்ணாடியை வடிகட்டினால் இரண்டுமே குறையும், ஆனால் நான்கு மடங்கு என்பது ஏறக்குறைய அப்படியே நிற்கும். துண்டுகள்தான் நான்கு மடங்கு, நோயாளிகள் எண்ணிக்கை கூடவில்லை.

சரி, இப்போது கலைத்துப் போட்டால் என்ன ஆகும்? சோதனைக்குப் போன ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கத்துத் துண்டுகளும் அதனோடு பாதிப் படத்தைப் பங்கு போடுகின்றன. அந்த நான்கும் பயிற்சிக்குப் போகாமல் சோதனைப் பக்கமே விழ வாய்ப்பு 0.2 × 0.2 × 0.2 × 0.2, அதாவது 0.0016. ஆயிரத்தில் ஒன்றிரண்டு துண்டுகள்தான் தப்பும், மற்ற எல்லாவற்றிலும் குறைந்தது பாதிப் படத்தை மாடல் பயிற்சியிலேயே பார்த்துவிட்டது. டியூஷனில் நேற்றுப் போட்ட கணக்கையே இன்று தேர்வில் கேட்டால் பிள்ளை நன்றாகத்தான் எழுதும்.

ஓவர்லாப்பையே எடுத்துவிட்டால் போதாதா என்று அவள் கேட்டாள். போதாது. ஒரே ஸ்லைடில் சாயத்தின் நிறம், வெட்டின் தடிமன், ஸ்கேனரின் சாயல் எல்லாம் ஒன்றே. பகிர்ந்த பிக்சல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் மாடல் அந்த ஸ்லைடை அடையாளம் கண்டுகொள்ளும். ஒரே நோயாளியின் திசுக்கட்டியிலிருந்து நான்கைந்து ஸ்லைடு வருவதும் சாதாரணம். ஆகவே ஸ்லைடு வாரியாகப் பிரிப்பதுகூடப் பத்தாது, முதலில் நோயாளிகளைப் பிரிக்க வேண்டும், அப்புறம்தான் வெட்ட வேண்டும். சைக்கிட்-லேர்னில் இதற்கு `GroupKFold` இருக்கிறது, `groups` என்ற இடத்தில் நோயாளி எண்ணைக் கொடுங்கள். பயிற்சி தொடங்கும் முன் இந்த மூன்று வரியையும் ஓட்டிவிடுங்கள்:

```python
tr = set(df[df.split == "train"].patient_id)
va = set(df[df.split == "val"].patient_id)
assert not (tr & va)
```

ஓவர்லாப் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் பழக்கத்தில் பாதி என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு பொருள் இரண்டு துண்டுகளின் ஓரத்தில் வெட்டுப்படாமல், ஏதாவது ஒன்றிலாவது முழுதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. அப்படியானால் ஓவர்லாப் அந்தப் பொருளின் அகலத்துக்குக் குறையக்கூடாது. பிரியும் செல் 10 மைக்ரான் என்றால் 40 பிக்சல், 64 பிக்சல் ஓவர்லாப் தாராளம். 100 மைக்ரான் சுரப்பிக்கு 400 பிக்சல் வேண்டும். அதற்கு ஓவர்லாப்பைக் கூட்டுவதைவிடக் குறைந்த உருப்பெருக்கத்தில் வெட்டுவதே மேல்.

ஓரத்தையும் பாருங்கள். 256 ஆக நகர்ந்தால் கடைசிச் சன்னல் 99,840-இல் நின்றுவிடும், வலது ஓரத்தில் 160 பிக்சல் எந்தத் துண்டிலும் வராது. திசு அதுவரை நீண்டிருந்தால் அது இழப்பு. கடைசிச் சன்னலைப் பின்னால் இழுத்து ஓரத்தோடு ஒட்டினால் சரியாகும். இதில் W படத்தின் அகலம், P சன்னலின் அளவு, S ஒவ்வொரு முறையும் நகர்த்தும் தூரம்:

```python
xs = list(range(0, W - P + 1, S))
if xs[-1] != W - P:
    xs.append(W - P)
```

அன்று மாலையே நோயாளி வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டினாள். எண் எழுபதுகளுக்கு இறங்கியது, அவள் முகமும் வாடிவிட்டது. ஆனால் மறுவாரம், மாடல் பார்த்தே இராத நோயாளிகளின் ஸ்லைடுகளில் ஓட்டியபோதும் ஏறக்குறைய அதே எண்தான் வந்தது. பழைய 98-ஐ நம்பியிருந்தால் அந்த வித்தியாசம் மருத்துவரின் மேசையில்தான் தெரிந்திருக்கும். இப்போது எந்த நோயாளிகளிடம் மாடல் தடுமாறுகிறது என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சாயம் வெளிறிய ஸ்லைடுகள்தான் முதலில் மாட்டின.