‘சக்தி மதிப்பீடு’ அல்ல, குறித்த வலு

போன கிழமை கொக்குவிலில் இருக்கும் மருமகள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளித் தகடு ஒன்று, அதில் `220-240V~ 50/60Hz 1850-2200W` என்று எழுத்து. பொருள் என்னவென்று படத்தில் தெரியவில்லை. பிறகு எடுத்துப் பேசினாள். “மாமா, புது அயன் பெட்டி. உள்ளுக்குக் கிடந்த தமிழ்த் தாளிலை ‘சக்தி மதிப்பீடு 1850 தொடக்கம் 2200 வரை’ எண்டு போட்டிருக்கு. அப்ப ஏறக்குறையச் சொல்லுறாங்கள் தானே? பத்து நிமிஷம்தானே போடப் போறம், அறைக்குள்ளை இருக்கிற பழைய பிளக் பேஸிலை குத்தலாமோ?”

அவளில் பிழையில்லை. அந்தத் தாளில் இருந்த இரண்டு சொற்களும் அவளை இரண்டு பிழையான முடிவுக்குக் கொண்டுபோய் விட்டன. ‘மதிப்பீடு’ என்றதால் ஏறக்குறைய என்று நினைத்தாள். ‘சக்தி’ என்றதால் பத்து நிமிடம்தானே என்று நினைத்தாள். இதே தொடரை மின்விசிறிப் பெட்டியிலும் அரைக்கும் இயந்திரத்தின் தாளிலும் பல தடவை பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியாது.

ஆங்கிலத்தில் ‘பவர் ரேட்டிங்’ என்கிறார்கள். ‘ரேட்’ என்பதன் வேர் இலத்தீனில் உள்ள ‘ராத்தா’. கணக்கிட்டு நிலைப்படுத்திய பங்கு என்பது அதன் பொருள். ‘வாற்று’ என்ற அலகு ஜேம்ஸ் வாற்றின் பெயரால் 1882 இல் முன்மொழியப்பட்டது. வேர் விளக்கம் இவ்வளவும் போதும். ‘ரேட்டிங்’ என்பதில் மதிப்பிடும் செயல் இல்லை, குறித்து வைக்கும் செயல்தான் உண்டு என்பதே இங்கே வேண்டியது.

மதிப்பீடு என்றால் நமக்கு என்ன? வீடு கட்ட மேசன் தருவது மதிப்பீடு. அது கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு நடப்பது மதிப்பீடு. கடைக்கு நட்சத்திரம் போடுவதும் இப்போது மதிப்பீடுதான். எல்லாவற்றிலும் ஒருவர் வெளியே நின்று ஊகிக்கிறார், அல்லது தரம் பார்க்கிறார். தகட்டில் இருக்கும் எண் அப்படிப்பட்டதல்ல. இன்ன வோல்ற்று அழுத்தம் கொடுத்தால் இந்தப் பொருள் இவ்வளவு வலுவை எடுக்கும் என்று செய்தவரே பொறுப்பெடுத்துக் குறித்தது. சூடாக்கும் பொருட்களில் குறித்ததைவிட எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதற்கும் சர்வதேச நியமத்தில் எல்லை உண்டு. 200 வாற்றுக்கு மேற்பட்டவை என்றால் கூடுவது பெரும்பாலும் நூற்றுக்கு 5 தான்.

அப்படியென்றால் 1850 முதல் 2200 வரை என்று ஏன் இரண்டு எண்? மருமகள் கேட்ட நல்ல கேள்வி அதுதான். பதில் தகட்டிலேயே இருக்கிறது. 220 வோல்ற்றில் 1850, 240 வோல்ற்றில் 2200. கணக்குப் போட்டுப் பாருங்கள். 220 ஐ 220 ஆல் பெருக்கி 1850 ஆல் பிரித்தால் தடை 26 ஓமுக்குச் சற்றுக் கூட வரும். 240 ஐ 240 ஆல் பெருக்கி 2200 ஆல் பிரித்தாலும் அதே 26 ஓம் சொச்சம். உள்ளே இருப்பது ஒரே சூட்டுக் கம்பி. அழுத்தம் மாறுவதால் வலு மாறுகிறது. இதில் ஊகத்துக்கு எங்கே இடம்? இலங்கையில் நமக்கு வருவது 230 வோல்ற்று. அந்தப் பெட்டி நம் வீட்டில் எடுப்பது ஏறக்குறைய 2020 வாற்று, ஓட்டம் 8.8 அம்பியர். தாளை எழுதியவர் ‘குறித்த வலு: 220 வோல்ற்றில் 1850, 240 வோல்ற்றில் 2200’ என்று எழுதியிருந்தால் அவளுக்கு இந்தக் கேள்வியே வந்திராது.

அடுத்தது ‘சக்தி’. இதுதான் கூடுதலாக என் வயிற்றைக் கலக்குவது. நம்முடைய பாடப்புத்தகங்களில் சக்தி வேறு, வலு வேறு. வேலை செய்யக் கூடியது சக்தி. அது ஒரு செக்கனுக்கு எவ்வளவு செலவாகிறது என்பது வலு. மின் கட்டணத்தில் ‘யூனிட்’ என்று வருவது சக்தி. அந்த அயன் பெட்டியைப் பத்து நிமிடம் போட்டால் மூன்றில் ஒரு யூனிட்டுத்தான் போகும். பற்றுச்சீட்டைப் பொறுத்தவரை பத்து நிமிடம்தானே என்பது முழுக்கச் சரி. ஆனால் சுவருக்குள் போகும் வயருக்குப் பற்றுச்சீட்டு தெரியாது. அது காண்பது அந்த நேரத்தில் தன் வழியே ஓடும் 8.8 அம்பியரை. ஓட்டம் இரண்டு மடங்கானால் வயரில் எழும் சூடு நான்கு மடங்கு. 5 அம்பியர் உருண்டை முள்ளுப் பிளக் பேஸ் 230 வோல்ற்றில் தாங்குவது 1150 வாற்று மட்டும். அவளுடைய அறையில் இருப்பது அதுதான். மல்ரி பிளக் ஒன்றை இடையில் வைத்தால் அயனின் சதுர முள்ளு அதற்குள் போய்விடும். போய்விட்டது என்பதற்காகத் தாங்கும் என்று ஆகாது.

தாங்காததை எப்படி அறிவது? அயன் பண்ணி முடித்ததும் சுவிச்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டால் நல்லதல்ல. பிளக் பேஸின் துளையைச் சுற்றி மண்ணிறம் ஏறியிருக்கும். மீன் வெடில் போல ஒரு மணம் வரும். அது அடுப்படியில் இருந்து வருவதல்ல, பிளக் பேஸின் பிளாஸ்ரிக் சூட்டில் கருகுவது. பிறேக்கர் விழவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் கூடாது. அந்த வழியில் 16 அம்பியர் பிறேக்கர் இருந்தால் 9 அம்பியருக்கு அது விழாது. அதற்குள் 5 அம்பியர் பேஸ் கருகிவிடும். படம் அனுப்பினால் தகட்டை நான் வாசித்துச் சொல்வேன், ஆனால் வயரைப் படத்தில் பார்க்க முடியாது. மின் வேலை செய்பவரைக் கொண்டு பேஸைத் திறந்து பார்க்க வேண்டும். ஏழு பிரியாக, ஒவ்வொரு பிரியும் 0.67 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்தால் அது 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். ஒற்றைக் கம்பி 1/1.13 என்றால் 1 சதுர மில்லிமீற்றர்தான். அதில் வெறும் பேஸை மட்டும் 13 அம்பியருக்கு மாற்றக் கூடாது.

சிலர் ‘மின் திறன்’ என்று எழுதச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அதுதான், அங்கே படித்தவர்களுக்கு அது பழகிய சொல். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் விற்கும் பெட்டிக்குள் அதை வைப்பதில்தான் சண்டை. இங்கே திறன் என்றால் கெட்டித்தனம். இயந்திரத்துக்கு வந்தால் வினைத்திறன், கொடுத்ததில் எவ்வளவு பயன் கிடைத்தது என்பது. ‘திறன் கூடிய அயன்’ என்று வாசிக்கும் ஒருவர், கறண்ட் மிச்சப்படும் என்று நினைத்து வாங்குவார். உண்மை நேர் எதிர். ‘வலு’ அப்படி வழுக்காது. வல், வலி, வலிமை, வன்மை எல்லாம் ஒரு குடும்பம். குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரே வலியறிதல். மயிலிறகே என்றாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வருவதும் அந்த அதிகாரத்தில்தான். ஒரே எக்ஸ்ரென்சனில் அயனையும் முடி உலர்த்தியையும் சேர்த்துக் குத்துபவருக்கு அதைவிட நேராகச் சொல்ல முடியாது.

இன்னொரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அயனுக்குப் பாடப்புத்தகங்களில் ‘மின்னழுத்தி’ என்று வைத்திருக்கிறார்கள். வோல்ற்றளவைக் குறிக்க ‘மின்னழுத்தம்’ என்றும் எழுதுகிறார்கள். ஒரே வசனத்தில் ‘மின்னழுத்தியின் மின்னழுத்தம்’ என்று வந்தால் வாசிப்பவர் என்ன செய்வது? ஸ்திரிக்கைப் பெட்டி என்று அம்மம்மாக்கள் சொன்னது அயல்மொழியில் இருந்து வந்ததாகவே இருக்கட்டும். அதைக் கேட்டு ஒருவரும் குழம்பியதில்லை. தூய்மைக்காகத் தெளிவைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. தமிழ்ச் சொல் குழப்பமில்லாமல் கிடைக்கும் இடத்தில், வலுவைப் போல, அதைக் கைவிடுவதும் உடன்பாடில்லை.

சரி, பெயரில்லாத தகட்டுப் படம் அயனுடையது என்று எப்படித் தெரியும்? எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது, 2000 வாற்று முடி உலர்த்தியும் உண்டு. குறிகளைப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் இரட்டைக் காவல், புவித்தொடுப்பு வேண்டியதில்லை. முடி உலர்த்தியில் அது இருக்கும், கூடவே குளிக்கும் தொட்டியைக் குறுக்கே வெட்டிய படமும் இருக்கும். அயனில் சாதாரணமாக இரட்டைச் சதுரம் இராது. உலோக அடி உள்ள பொருள், அதற்குப் புவித்தொடுப்பு முள்ளு கட்டாயம். ட்ரிம்மர் என்றால் தகடு சார்ஜரில் இருக்கும். `100-240V` என்று உள்ளே போவதும், 5 வோல்ற்று அளவில் வெளியே வருவதும் எழுதியிருக்கும். அது எந்த வயரையும் வருத்தாது.

இரண்டு நாள் கழித்து மருமகள் இன்னொரு படம் அனுப்பினாள். கனடாவில் இருந்து பெரியம்மா கொடுத்துவிட்டது. `125V~ 60Hz 1875W`, இரட்டைச் சதுரம், தட்டை முள்ளு இரண்டு, பிளக்கின் தலையில் பெரிய கட்டையும் இரண்டு பொத்தானும். அந்தக் கட்டையே சொல்லிவிடும், அது வட அமெரிக்க முடி உலர்த்தி. 1875 என்ற எண்ணும் தற்செயலல்ல, அங்கத்தைய 15 அம்பியரை 125 ஆல் பெருக்கினால் வருவது. அவள் “1875 தானே மாமா, அயனிலும் குறைவு” என்றாள். தாள் பழக்கிய பழக்கம், வாற்றை மட்டும் எடுத்து வோல்ற்றை விட்டுவிடுகிறோம். அதன் தடை 8.3 ஓம். நம் 230 வோல்ற்றில் குத்தினால் அந்தக் கணத்தில் 27 அம்பியருக்கு மேல் இழுக்கும், 6300 வாற்றுக்கு மேல். பல வீடுகளில் முழு வீட்டுக்கும் வரும் இணைப்பே 30 அம்பியர்தான். முள்ளை மாற்றிக் கொடுக்கும் சின்ன அடப்ரர் அழுத்தத்தைக் குறைக்காது. குறைக்கும் மாற்றி வாங்குவதென்றால் 2000 வாற்றைத் தாங்குவதாக இருக்க வேண்டும். பாரமும் விலையும் பார்த்தால் புது உலர்த்தி மலிவு.

பதிலாக அவளுக்கு எழுதியது ஒரு வரி: “குறித்த வலு 1875 வாற்று, 125 வோல்ற்றில். குத்தாதே.” அயனை இப்போது குசினியில் உள்ள 13 அம்பியர் பேஸில் போடுகிறாள். அதன் வயர் 7/0.67 என்று மின் வேலை செய்பவர் திறந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் போட்டாள்.