நரைத்த வேர்: படத்தில் மறைப்பது எப்படி?

சாயம் பூசி ஒரு மாதமானால் முடி ஏறக்குறைய 1 செ.மீ. வளர்ந்துவிடும். வகிட்டின் இருபுறமும் வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கும். படத்தில் அதை மறைக்க ஃபோட்டோஷாப்பில் பலர் முதலில் எடுப்பது Color என்ற கலப்பு முறையை. அது நிறத்தை மாற்றுமே தவிர வெளிச்ச அளவைத் தொடாது. நரைக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாடோ பெரும்பாலும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. எனவே வெள்ளை முடி பழுப்பேறிய வெள்ளையாகவே நிற்கும். Normal முறையில் பூசினாலோ இழைகள் எல்லாம் ஒரே நிறமாகி, மை தடவியது போலாகிவிடும்.

சரியான வழி Multiply. அது ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் பூசும் நிறத்தின் எண்ணால் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. சிவப்பு அளவை மட்டும் பார்ப்போம். நரை இழை 180, அதன் பக்கத்து இடுக்கு 140, பூசும் கரும்பழுப்பு 60 என்றால் விடை சுமார் 42, 33. இரண்டும் இருண்டாலும் அவற்றின் விகிதம் அப்படியே இருக்கிறது. இழையமைப்பு அழியாததற்குக் காரணம் இதுதான். முடிக்குள் மெலனின் ஒளியை உறிஞ்சுவதும் இப்படிப்பட்ட ஒரு பெருக்கலே.

சிக்கல் அருகிலுள்ள கருமுடியில் வருகிறது. அங்கே 50 இருந்தால் அது 12 ஆகிக் கரிக்கட்டியாகத் தெரியும். லேயரின் Blend If பகுதியில் Underlying Layer-இன் கறுப்பு முனையை Alt அழுத்திப் பிரித்து, ஒரு பாதியை 60-இலும் மறுபாதியை 110-இலும் வைத்தால், 60-க்குக் கீழுள்ள புள்ளிகள் தப்பிவிடும். வகிட்டின் தோலும் வெளிச்சமானது என்பதால் இந்த வடிகட்டிக்கு அதை நரையிலிருந்து பிரிக்கத் தெரியாது. தோலை மாஸ்க்கில் கையால்தான் விலக்க வேண்டும். பிரஷ்ஷின் Flow-ஐ 10%-க்குள் வைத்து, முடி ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் பளபளப்பு. கருமுடியின் முக்கியப் பளபளப்பு அதன் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும் ஒளி. அது உள்ளே போகாததால் மெலனின் அதைத் தொடுவதில்லை. விளக்கின் நிறமே அதன் நிறம். Multiply அதையும் சேர்த்துப் பழுப்பாக்கிவிடும். ஆகவே மேலே Screen முறையில் ஒரு புதிய லேயர் போட்டு, நரை இல்லாத பகுதியின் பளபளப்பிலிருந்து நிறம் எடுத்து, அங்குள்ள ஒளிப்பட்டையின் வளைவைத் தொடர்ந்து மெல்லிய கோடுகளாக மீட்க வேண்டும். முடி தோலுக்குள் இறங்கும் இடத்தில் நிழல் விழும், அங்கே பளபளப்பு வைக்கக் கூடாது. வைத்தால் முடி தலையிலிருந்து எழும்பி, விக் போலத் தெரியும்.

வேலை முடிந்ததும் எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Black & White லேயர் போட்டுப் படத்தைச் சுருக்கிப் பாருங்கள். வகிட்டோரம் சாம்பல் பட்டை தெரிந்தால் நிறம் போதவில்லை; கறுப்புத் திட்டு தெரிந்தால் மிஞ்சிவிட்டது.

ஃபிளாஷ் பட்டு நரை 255-ஐத் தொட்டிருந்தால் மட்டும் இந்த முறை எடுபடாது. அங்கே பெருக்குவதற்கு இழை வேறுபாடே இல்லை. அதே திசையில் ஓடும் பக்கத்து முடியை Clone Stamp கொண்டு எடுத்து வைப்பதே வழி.