எதிர்க்கட்ட ஒலி: நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் எதை அடக்கும், எதை அடக்காது?

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வெளிச் சத்தத்தோடு தன் பங்குக்கும் ஒரு சத்தத்தைச் சேர்க்கிறது என்றால், இரண்டும் சேர்ந்து காதைக் கெடுக்காதா என்று செவித்திறன் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கெடுக்காது. ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்குவதுதான். செவிப்பறைக்கு எட்டுவது அந்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை மட்டுமே. வெளி அலை அழுத்தத்தை ஏற்றும் அதே நொடியில் ஹெட்போனின் அலை அதே அளவு இறக்கினால், செவிப்பறையில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இப்படி எதிர்மாறாக ஏறி இறங்கும் அலையைத்தான் எதிர்க்கட்ட ஒலி என்கிறோம். ஜெர்மானியர் பால் லூக் இந்த முறைக்கு 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் எதிர் அலையைக் காதருகே போதிய வேகத்தில் உருவாக்கும் மின்னணுக் கருவிகள் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஹெட்போன் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் உள்ள மைக், வரும் இரைச்சலை முன்கூட்டியே பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப் அதைத் தலைகீழாக்கி, கிண்ணத்தைக் கடக்கும்போது இரைச்சல் எப்படி மாறுமோ அதற்கேற்பத் திருத்தி, ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. காதருகே உள்ள இன்னொரு மைக், அடங்காமல் மிஞ்சியதைக் கேட்டுத் திருத்தம் சொல்கிறது. இதற்கெல்லாம் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. வெளி மைக்கிலிருந்து காதை நோக்கி 1.7 சென்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு 50 மைக்ரோ விநாடிதான் ஆகும். அந்தக் காதின் பக்கத்திலிருந்து வராமல் தலையின் மறுபக்கத்திலிருந்து வரும் சத்தத்துக்கு அந்த முன்னறிவிப்புகூடக் கிடைப்பதில்லை.

எதிர் அலை 50 மைக்ரோ விநாடி தாமதமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் டீசல் ஜெனரேட்டரின் முதன்மை உறுமல் 50 ஹெர்ட்ஸ். அதன் ஓர் அலை முடிய 20 மில்லி விநாடி ஆகும். முழு அலையை ஒரு வட்டம் போல 360 பாகையாகக் கொண்டால், அந்த நீளத்தில் 50 மைக்ரோ விநாடி என்பது ஒரு பாகைக்கும் குறைவான பிசகு, ஆகவே எதிர் அலையின் வலு மட்டும் சரியாக இருந்தால் மிஞ்சும் ஒலியழுத்தம் நூற்றில் இரண்டு பங்குகூட இராது. அதே தாமதம் 1000 ஹெர்ட்ஸில் 18 பாகையாகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சுகிறது. 3300 ஹெர்ட்ஸை ஒட்டி அது 60 பாகையைத் தொடும்போது அடக்குவதே நின்றுபோகிறது. அதற்கும் மேலே எதிர் அலை இரைச்சலோடு சேர்ந்து அதைக் கூட்டத் தொடங்கும் என்பதால்தான், அந்தப் பகுதியில் மின்னணு வேலையை வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, உயர் ஒலிகளைத் தடுக்கும் பொறுப்பைக் கிண்ணத்துக்கும் மெத்தைக்கும் விடுகிறார்கள்.

சீராக ஓடும் உறுமலுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. இப்போது வந்த அலையைப் போலவே அடுத்ததும் வரும் என்பதால், சிப் தன் திருத்தத்தை அலைக்கு அலை நெருக்கிக்கொண்டே போக முடிகிறது. சுத்தியல் அடி அப்படிப்பட்டதல்ல. சிப் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் முன்பே அது முடிந்துவிடும், அத்தனை அழுத்தத்தைத் திருப்பித் தர அந்தச் சிறு ஸ்பீக்கருக்கு வலுவும் போதாது.

தகடு அடிக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், ஜெனரேட்டர் சத்தம் அறவே கேட்கவில்லை என்ற நம்பிக்கையில், காதுக்காப்புக்குப் பதில் இத்தகைய ஹெட்போனையே மாட்டிக்கொண்டு வேலை செய்துவந்தார். பரிசோதனையில் அவருடைய கேட்கும் திறன் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிச் சரிந்திருந்தது. இரைச்சலால் நேரும் பாதிப்பு பெரும்பாலும் முதலில் தென்படும் இடம் அது. அவர் காதிலிருந்து அகன்றது உறுமல். தகட்டில் விழுந்த அடியின் கூர்மையான பகுதிக்கு மெல்லிய மெத்தை மட்டுமே தடையாக இருந்தது. சரிவு எப்போது தொடங்கியது என்று உறுதியாகச் சொல்ல முந்தைய பரிசோதனை எதுவும் இல்லை என்றாலும், அந்த ஹெட்போன் அவரைக் காக்கவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு சொல். கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சிறு சந்து விட்டால், தாழ்ந்த ஒலி அதன் வழியே உள்ளே வருவதோடு, ஸ்பீக்கர் உருவாக்கும் தாழ்ந்த எதிர் அலையின் அழுத்தமும் அதே வழியில் கசிந்து போகிறது. எதிர் அலையின் வலு பத்தில் ஒரு பங்கு பிசகினாலே, ஏறி இறங்கும் நேரம் கச்சிதமாகப் பொருந்தினாலும், 20 டெசிபெலுக்கு மேல் குறைக்க முடியாது. பாட்டை நிறுத்திவிட்டு, மின்விசிறியோ ஏசியோ ஓடும்போது மெத்தையை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உறுமல் சட்டென்று இன்னும் தணிந்தால் அங்கே சந்து இருக்கிறது என்று பொருள். பட்டறைக்கோ வெடிச்சத்தம் உள்ள இடத்துக்கோ, எத்தனை டெசிபெல் தடுக்கும் என்று உறையில் அச்சிட்ட காதுக்காப்பையே வாங்குங்கள்.