நோ கிளெய்ம் போனஸ்: ஊக்கத்தொகையா, கழிவா?

இழப்பீடு கேட்காமல் வண்டி ஓட்டியவருக்கு அடுத்த வருடக் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் குறைப்பை ஆங்கிலத்தில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்கிறார்கள். வண்டிக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் தமிழ்ச் செய்திகளில் அதற்கு 'உரிமை கோராத ஊக்கத்தொகை' என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. போன வாரம் பெங்களூர் அல்சூரில் இருக்கும் நண்பர் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "சார், எனக்கு 45 சதவீதம் ஊக்கத்தொகைன்னு போட்டிருக்காங்க. இதை யார்கிட்ட கேட்டு வாங்கணும்?" என்றார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆங்கிலத்தில் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தமிழில் படித்ததால் குழம்பினார். தமிழ் குழப்புகிறது என்றால் குற்றம் மொழிபெயர்த்தவருடையது.

முதலில் சொற்களின் பிறப்பு. 'கிளெய்ம்' என்பதன் வேர், உரக்கக் கூவு என்ற பொருளுடைய லத்தீன் வினை. 'போனஸ்' லத்தீனில் 'நல்லது'. 'பிரீமியம்' என்ற சொல்லுக்கும் லத்தீனில் பரிசு என்றே பொருள். இன்று அது நாம் கட்டும் பணம். வேரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

இப்போது அந்தத் தொடருக்கு வருகிறேன். வங்கியில் பத்து வருடமாக யாரும் தொடாத பணத்தை 'உரிமை கோரப்படாத வைப்புத்தொகை' என்கிறோம். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன, மக்களுக்கும் அது பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தோடு 'உரிமை கோராத ஊக்கத்தொகை' என்று படிப்பவர், யாரும் கேட்டு வாங்காமல் எங்கோ கிடக்கும் ஊக்கத்தொகை என்றுதான் புரிந்துகொள்வார். நண்பர் கேட்டதும் அதைத்தான். காப்பீட்டில் கிளெய்ம் என்பது சேதத்துக்கு இழப்பீடு கேட்பது. அங்கே 'உரிமை' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. பட்டா வழக்கிலும் வாரிசுச் சண்டையிலும் உரிமை கோருவார்கள். பம்பர் உடைந்தவர் இழப்பீடு கோருகிறார்.

'ஊக்கத்தொகை' அதைவிட மோசம். 'போனஸ்' என்றே விட்டாலும் தமிழ்க் காதுக்குச் சிக்கல் தீராது. இந்த ஊரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பெமல் என்று ஆலைகளில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு போனஸ் என்றால் பண்டிகைக்கு முன் கைக்கு வரும் பணம். ஆயுள் காப்பீட்டிலும் போனஸ் உண்டு. அங்கே அது உண்மையாகவே பாலிசித் தொகையோடு சேர்ந்துகொண்டு, முதிர்வில் கைக்கு வருகிறது. வண்டிக் காப்பீட்டில் ஒரு பைசாகூடக் கைக்கு வருவதில்லை. கட்ட வேண்டியதில் ஒரு பகுதியைக் கழிக்கிறார்கள், அவ்வளவே. கழிப்பதை எப்படித் தொகை என்று எழுத மனம் வருகிறது?

எதிலிருந்து கழிக்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. ஆண்டுக் கட்டணத்தில் இரண்டு பெரிய பகுதிகள் உண்டு. ஒன்று நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான சொந்தச் சேதக் கட்டணம். மற்றொன்று நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் தரப்புக் கட்டணம். கழிவு முதல் பகுதிக்கு மட்டுமே. மூன்றாம் தரப்புக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. எத்தனை வருடம் இழப்பீடு கோராமல் ஓட்டினாலும் அது குறையாது.

நண்பரின் காரையே எடுத்துக்கொள்வோம். 1,197 சிசி, நாலு வருடம் இழப்பீடே கேட்டதில்லை. சொந்தச் சேதக் கட்டணம் 8,000 ரூபாய் என்று வைப்போம். அதில் 45 சதவீதமான 3,600 கழிந்து 4,400 நிற்கிறது. மாற்றும் பாகத்தின் விலையில் தேய்மானத்தைப் பிடிக்காமல் இழப்பீடு தரும் 'தேய்மானம் கழிக்காத காப்பு'க்கு 2,000, எஞ்சின் காப்புக்கு 600 என்று கூடுதல் காப்புகள் 2,600. மூன்றாம் தரப்புக்கு, 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 3,416. கூட்டினால் 10,416. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ஏறக்குறைய 12,291. (உரிமையாளருக்கான கட்டாய விபத்துக் காப்பு அவரிடம் வேறு பாலிசியில் இருப்பதால் அதைச் சேர்க்கவில்லை.)

நண்பர் எதிர்பார்த்தது வேறு. எல்லாவற்றையும் கூட்டி 14,016, அதில் 45 சதவீதம் போக மிச்சம், அதற்கு வரி என்று 9,096 ரூபாய்க்குக் கணக்குப் போட்டிருந்தார். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஏமாற்றிவிட்டார்கள் என்று ஏஜெண்டோடு சண்டைக்கே போகவிருந்தார். மொத்தத்தில் அவருக்குக் கழிந்தது 26 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. கூடுதல் காப்புகளின் கட்டணம் பெரும்பாலும் கழிவுக்குப் பிறகுதான் சேரும். சில நிறுவனங்கள் முன்னாலேயே சேர்த்துக் கழிப்பதும் உண்டு. பாலிசியின் கட்டணக் கணக்கில், நோ கிளெய்ம் போனஸைக் குறிக்கும் 'NCB' கூடுதல் காப்புகளுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகவே சொல்லில் கழித்தல் இருக்க வேண்டும். 'தள்ளுபடி' எல்லோர் வாயிலும் இருக்கும் சொல், ஆடி மாதம் முழுக்கக் கேட்கிறோம். ஆனால் இந்த இடத்தில் அது ஆபத்தானது. 'மனு தள்ளுபடி' என்றால் மனுவை நிராகரித்துவிட்டார்கள் என்று பொருள். 'கோரல் தள்ளுபடி' என்று எழுதினால் இழப்பீடு கிடையாது என்று படிப்பார்கள். 'சலுகை' என்பதில் கொடுப்பவரின் தயவு தெரிகிறதே தவிர, கணக்கு தெரியவில்லை. எனக்குப் பொருத்தமாகப் படுவது 'கோராமைக் கழிவு'. கொல்லாமை, கள்ளாமை, பொய்யாமை என்று செய்யாமல் இருப்பதைச் சொல்லத் தமிழுக்கு அழகான ஒரு வாய்ப்பாடு இருக்கிறது, கோராமையும் அப்படியே. கழிவு என்றால் குப்பை நினைவு வருகிறதே என்பார்கள். வருமான வரியில் 'நிலையான கழிவு' என்று நாளிதழ்கள் எழுதும்போது யாருக்கும் குப்பை நினைவுக்கு வருவதில்லை. முதல் தடவை 'இழப்பீடு கோராமைக் கழிவு' என்று விரித்து எழுதினால் ஐயமே இருக்காது.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, கோரினால் கழிவு போய்விடும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. போனஸ் என்று கேட்டுப் பழகியவர்கள், இழப்பீடு வாங்கினால் ஒரு வருட போனஸ் போகும், அடுத்த வருடம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது ஏணி மாதிரி. ஒரு வருடம் கோராமல் இருந்தால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. ஒரு தடவை கோரினால் ஒரு படி இறங்குவதில்லை, தரைக்கே வந்துவிடுகிறோம்.

நண்பரின் காரில் இந்த மாதம் பின் பம்பர் உரசிவிட்டது. பட்டறையில் 7,000 ரூபாய் கேட்கிறார்கள். இப்போதைய பாலிசியில் தேய்மானம் கழிக்காத காப்பு இருப்பதால், கட்டாயமாக நம் தலையில் விழும் 1,000 போக 6,000 கிடைக்கும். வாங்கினால் என்ன ஆகும்? இந்தப் புதுப்பித்தலில் 45-க்குப் பதில் பூஜ்யம். அடுத்த வருடம் 50-க்குப் பதில் 20. பிறகு 50-க்குப் பதில் 25, 35, 45. இழந்த சதவீதங்களைக் கூட்டினால் 45, 30, 25, 15, 5 என்று 120. அதாவது ஒரு வருடச் சொந்தச் சேதக் கட்டணத்தைவிட அதிகம்: 9,600 ரூபாய், வரியோடு 11,328. வண்டிக்கு வயதாக ஆகக் கட்டணமும் இறங்கும் என்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும். இடையில் எப்படியும் ஒரு பெரிய விபத்துக்குக் கோர வேண்டி வந்தால் இழப்பு அங்கேயே நின்றுவிடும். அப்படிப் பார்த்தாலும் 6,000-க்காக இதைச் செய்யலாமா என்று யோசிக்க வேண்டும். நண்பர் கையிலிருந்தே கொடுத்துவிட்டார்.

'ஆட்-ஆன்' எனப்படும் கூடுதல் காப்பின் மொழிபெயர்ப்புக்கும் இதே கதிதான். ஒரு நிறுவனத்தின் தமிழ்ப் பக்கத்தில் 'துணை நிரல்களைத் தேர்ந்தெடுக்கவும்' என்று இருக்கிறது. நிரல் என்றால் கணினிக்கு எழுதுவது. மென்பொருளுக்கு வைத்த சொல்லை, எந்த இடம் என்று பார்க்காமல் காருக்கு ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மனிதர் ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. 'கூடுதல் காப்பு' என்றால் எல்லோருக்கும் புரியும்.

'பூஜ்ஜியத் தேய்மானம்' என்பதையும் மாற்ற வேண்டும். வண்டி தேயாது என்றா சொல்கிறார்கள்? சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். இந்தக் காப்பு இருந்தால் பிடிக்காமல் தருவார்கள். ஆகவே 'தேய்மானம் கழிக்காத காப்பு'. இது கோராமைக் கழிவைத் தொடுவதே இல்லை. இந்தக் காப்பில் கோரினாலும் கழிவு போகத்தான் செய்யும். இதை வாங்கியவர்கள் பலர் இனித் தாராளமாகக் கோரலாம் என்று நினைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் காப்பு இந்த ஊர்க்காரர்களுக்கு வேண்டியது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் கார்கள் தண்ணீரில் நின்றதைப் பார்த்தோம். எஞ்சினுக்குள் தண்ணீர் போன பிறகு சாவியைத் திருகினால் உள்ளே உடையும்; சாதாரண பாலிசி பொதுவாக அந்தச் சேதத்தைத் தருவதில்லை. 600 ரூபாயைக் குறைக்கிறேன் என்று இதை விட்டுவிட்டு, கழிவில் மிச்சம் பிடித்ததாக நினைப்பது சரியான கணக்கில்லை.

இன்னொன்று. கழிவு வண்டிக்குரியது இல்லை, ஆளுக்குரியது. பழைய காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்கினால் காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் வாங்கிக் கழிவைப் புதிய காருக்குக் கொண்டுபோகலாம். வாங்குபவருக்கு அது போகாது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் கழிவு போய்விடும். நிறுவனம் மாறும்போது, கோரியதை மறைத்துக் கழிவு இருப்பதாக எழுதிக் கொடுத்தால், பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும்போது தெரிந்துவிடும். பிறகு விபத்து நடந்தால் சொந்தச் சேதத்துக்கான இழப்பீடே கிடைக்காமல் போகலாம். அந்த உறுதிமொழிப் படிவத்தின் தமிழிலும் 'ஊக்கத்தொகை பெறத் தகுதியுடையவன்' என்றுதான் இருக்கிறது. 'கடந்த பாலிசிக் காலத்தில் இழப்பீடு கோரவில்லை' என்று எழுதியிருந்தால், கையெழுத்துப் போடுபவருக்கு எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்திருக்கும்.